கார்டு மட்டும் போதாது, பழைய எண்ணும் வேண்டும்

அந்தமானுக்கு வேகமான இணையம் வந்த நாளுக்குத் தேதி உண்டு. 2020 ஆகஸ்ட் 10. சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்கும், அங்கிருந்து ஸ்வராஜ் தீவு, லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார், லாங் ஐலண்ட், ரங்கத் ஆகிய இடங்களுக்கும் கடலடியில் போடப்பட்ட கேபிளைப் பிரதமர் அன்றுதான் தொடங்கி வைத்தார். நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர், செலவு 1,224 கோடி ரூபாய். போட்டு முடித்தது பி.எஸ்.என்.எல். அதற்கு முன்பு தீவுகளுக்கு வந்த இணையம் முழுவதும் செயற்கைக்கோள் வழியாக வந்தது. கொஞ்சம்தான் வந்தது, அதையும் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

போர்ட் பிளேயர் இன்று ஸ்ரீ விஜயபுரம். அந்த நகரின் டெலானிபூர் பகுதியில் ஒரு குடும்பத்தின் பழைய போனைக் கையில் எடுக்கும்போது இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மெயின்லேண்டில் இருந்தவர்களின் படங்கள் 2016, 2017 வாக்கிலேயே கூகுள் கணக்குக்குத் தானாக ஏறத் தொடங்கிவிட்டன. இங்கே ஒரு நிமிட வீடியோவை மேலே ஏற்றுவதே பெரும்பாடு. ஆகவே எல்லாம் மெமரி கார்டில் தங்கியது. கல்யாணப் படம், பிள்ளை பிறந்த வீடியோ, இராமநாதபுரத்திலிருந்து பாட்டி பேசி அனுப்பிய குரல் பதிவு, கடையில் காசு கொடுத்து ஏற்றிய பாட்டு, சினிமா எல்லாம் ஒரே கார்டில் கிடந்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளில் சுமார் 15 விழுக்காட்டினருக்குத் தாய்மொழி தமிழ். அவர்களில் பலருக்குப் பாதி உறவு கடலுக்கு அந்தப் பக்கம். போனில் இருந்த பேச்சுதான் உறவைத் தொடர வைத்தது.

அந்தப் போன்கள் இப்போது ஒவ்வொன்றாகச் சாகின்றன. பேட்டரி உப்புகிறது, திரை போகிறது, புதுப் போன் வாங்கியாகிறது. கார்டைக் கழற்றிப் புதுப் போனில் போட்டால் எல்லாம் வந்துவிடும் என்று வீட்டில் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை பாதி சரி. கார்டில் இருப்பவை இரண்டு வகை. படம், வீடியோ, பாட்டு எல்லாம் சாதாரணக் கோப்புகள், எந்தப் போனிலும் திறக்கும். வாட்ஸ்அப் பேக்கப் அப்படியல்ல. அது பூட்டிய கோப்பு, சாவி வேறெங்கோ இருக்கிறது. சாவி எங்கே என்று தெரியாமல் பழைய போனை ரீசெட் செய்தவர்கள், பழைய சிம்மை விட்டுவிட்டவர்கள் இழந்ததை எந்தக் கடைக்காரராலும் திரும்பத் தர முடியாது.

ஒரு போனை எடுத்துக்கொண்டு முழுவதும் நடந்து பார்ப்போம். 2015-இல் வந்த சாம்சங் கேலக்ஸி ஜே2. ஆண்ட்ராய்டு 5.1, உள்ளே 8 ஜி.பி. இடம். ஆண்ட்ராய்டும் கம்பெனி போட்டுக் கொடுத்த செயலிகளும் எடுத்துக்கொண்டது போக, வாங்கியவருக்கு மிஞ்சியது ஏறக்குறைய அதில் பாதி. கூடவே 32 ஜி.பி. கார்டு. டெலானிபூரில் ஒரு வீட்டில் ஐந்தாறு வருடம் இது ஓடியது என்று வைத்துக்கொள்வோம்.

கேமராவில் எடுத்த படங்கள் கார்டில் `DCIM/Camera` என்ற ஃபோல்டரில் இருக்கும், செட்டிங்கில் கார்டைத் தேர்ந்திருந்தால். வாட்ஸ்அப் அப்படி இல்லை. அது தன் சரக்கைப் போனின் உள்இடத்தில்தான் வைக்கும், கார்டில் வைக்கச் சொல்லி அதில் வழியே கிடையாது. இடம் நிரம்பிப் போனால் வீட்டில் யாராவது, பெரும்பாலும் பள்ளி படிக்கும் பிள்ளை, ஃபைல் மேனேஜரைத் திறந்து `WhatsApp/Media` ஃபோல்டரை வெட்டிக் கார்டில் ஒட்டிவிடும். போன் மூச்சு விடும். ஆனால் அன்றிலிருந்து பழைய உரையாடல்களைத் திறந்தால் படங்கள் மங்கலாகத் தெரியும், தொட்டால் கோப்பு இல்லை என்று சொல்லும். படம் அழிந்துவிட்டது என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். அழியவில்லை, கார்டில்தான் இருக்கிறது. வாட்ஸ்அப் தன் குறிப்பில் எழுதி வைத்திருக்கும் இடத்தில் அது இல்லை, அவ்வளவுதான். அந்தக் குறிப்பு போனின் பெயரையோ கார்டின் பெயரையோ வைத்து எழுதப்பட்டதல்ல. வாட்ஸ்அப் ஃபோல்டருக்குள் `Media/WhatsApp Images` என்ற இடத்தில் இன்ன பெயருள்ள படம் என்று மட்டும் சொல்கிறது. ஆகவே புதுப் போனில் அதே அமைப்பில் ஃபோல்டரை வைத்துவிட்டால், வருடக்கணக்காக மங்கலாக இருந்த படங்கள் அந்தந்த உரையாடலுக்குள் மறுபடி தெளிவாக வரும். இடமாற்றத்தில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். பலர் இதைச் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள்.

பழைய போன் இன்னும் உயிரோடு இருந்தால் முதல் வேலை, வாட்ஸ்அப்பில் Settings, Chats, Chat backup என்று போய் BACK UP பொத்தானை அழுத்துவது. தினமும் விடியற்காலை இரண்டு மணிக்கு அது தானாகவே ஒரு பேக்கப் எடுக்கும், ஆனால் இன்றைய நாளின் பேச்சு அதில் இருக்காது. இந்த பேக்கப் கூகுளுக்குப் போவதற்கு முன் போனிலேயே ஒரு கோப்பாக எழுதப்படுகிறது. இணையம் மெலிந்த ஊரில் நமக்கு வேண்டியது இந்தக் கோப்புதான். இது `WhatsApp/Databases` ஃபோல்டரில் இருக்கும், பெயர் இப்படி:

```
msgstore.db.crypt14
msgstore-2021-03-18.1.db.crypt14
```

முதலாவது கடைசியாக எடுத்தது. தேதி போட்டவை அதற்கு முந்தைய நாள்களுடையவை. ஒரு வாரத்துக்கு மேல் பழையதை வாட்ஸ்அப் தானே அழித்துவிடும். கடைசியில் உள்ள எண் பூட்டின் வகை. 12, 14, 15 என்று காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அதை மாற்றி எழுதக் கூடாது. 2021 வாக்கில் ஆண்ட்ராய்டின் புதிய விதிகளுக்காக வாட்ஸ்அப் தன் ஃபோல்டரையும் இடம் மாற்றியது. ஆகவே `WhatsApp` என்ற பெயர் வெளியே இல்லாவிட்டால் `Android/media/com.whatsapp/WhatsApp` என்ற இடத்தில் தேட வேண்டும். இரண்டு இடத்திலும் ஆளுக்குப் பாதியாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

இப்போது முழு `WhatsApp` ஃபோல்டரையும் கார்டுக்கு நகல் எடுக்கலாம். வெட்டி ஒட்ட வேண்டாம், நகல் மட்டும். வெட்டும்போது பாதியில் பேட்டரி போனால் கோப்பு இரண்டு பக்கமும் இல்லாமல் போகலாம். பிறகு செட்டிங்கில் Unmount SD card கொடுத்துவிட்டுக் கார்டைக் கழற்றுங்கள்.

புதுப் போனில் கார்டு போட இடமே இல்லாமல் இருக்கலாம், இன்று வரும் பல போன்கள் அப்படித்தான். டைப்-சி முனை உள்ள ஒரு கார்டு ரீடர் போதும். செருகியதும் ஃபைல் மேனேஜரில் அது தனி இடமாகத் தெரியும். அங்கிருந்து `DCIM` படங்களைப் போனின் உள்இடத்துக்கு நகல் எடுத்துவிடலாம். 12 ஜி.பி. இருந்தால் பழைய கார்டு நொடிக்கு 10 எம்.பி. வேகத்தில் படித்தாலும் இருபது நிமிடம். ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் என்றால் இன்னும் நேரமாகும், இடையில் திரையை அணைத்துவிட்டுப் போகக் கூடாது.

வாட்ஸ்அப்புக்கு வரிசை முக்கியம். செயலியை நிறுவலாம், திறக்கக் கூடாது. முதலில் புதுப் போனின் உள்இடத்தில் `Android/media/com.whatsapp/WhatsApp` என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் நாமே உருவாக்கி, கார்டில் உள்ள `Databases`, `Media` இரண்டையும் அதற்குள் வைக்க வேண்டும். பிறகு திறந்து, பழைய அதே எண்ணைக் கொடுத்து, அந்த சிம்முக்கு வரும் ஆறு இலக்க எண்ணை இட வேண்டும். படங்களையும் கோப்புகளையும் பார்க்க அனுமதி கேட்கும்போது கொடுக்க வேண்டும், மறுத்தால் பேக்கப் கண்ணெதிரே இருந்தும் அதற்குத் தெரியாது. எல்லாம் சரியாக இருந்தால் பேக்கப் கிடைத்தது என்று சொல்லி RESTORE என்று கேட்கும். அவசரத்தில் SKIP அழுத்திவிட்டால் அந்த வாய்ப்பு மறுபடி அதே திரையில் வராது. செயலியை நீக்கி, கோப்புகளை மறுபடி வைத்து, முதலிலிருந்து வர வேண்டும். கார்டில் மூலம் பத்திரமாக இருப்பதால்தான் அப்படித் திரும்பி வரவே முடிகிறது. புதுப் போனில் உள்ள கூகுள் கணக்கில் வேறொரு வாட்ஸ்அப் பேக்கப் இருந்தால் அதைத்தான் முதலில் காட்டும். அதில் இருக்கும் தேதியைப் படித்துப் பாருங்கள், உங்கள் கோப்பின் தேதியோடு ஒத்துப்போகாவிட்டால் ஏற்க வேண்டாம்.

ஒரே ஒரு பழைய நாளின் பேக்கப்தான் வேண்டும் என்றால், உதாரணமாக யாரோ நடுவில் முக்கியமான உரையாடலை அழித்துவிட்டார்கள் என்றால், கடைசிக் கோப்பை வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு, தேதி போட்ட கோப்பின் பெயரிலிருந்து தேதியையும் `.1` என்பதையும் நீக்கி `msgstore.db.crypt14` என்று ஆக்க வேண்டும். எண் பழையதே இருக்கட்டும்.

இதில் சாவி எங்கே வந்தது? கோப்பைத் திறக்கும் சாவி கார்டில் கிடையாது. போனுக்குள் யாரும் எளிதில் தொட முடியாத இடத்தில் ஒரு நகல் இருக்கிறது. புதுப் போனில் அதே எண்ணை உறுதி செய்தால் வாட்ஸ்அப்பின் சர்வர் சாவியைத் தருகிறது. ஆகவே எண்தான் சாவி. கார்டை எத்தனை பத்திரமாக வைத்திருந்தாலும் அந்த எண்ணுக்கு வரும் குறுஞ்செய்தியைப் பெற முடியாவிட்டால் பேச்சு எதுவும் திறக்காது. முழுக் குறியாக்க பேக்கப் என்ற வசதியை இயக்கி வைத்திருந்தால் அத்தோடு கடவுச்சொல்லோ 64 இலக்கச் சாவியோ வேண்டும். கோப்பின் பெயர் crypt15 என்று முடிந்தால் அதை முதலிலேயே வீட்டில் கேட்டுவிடுங்கள்.

தீவுகளில் பெரிய சிக்கலாகும் இடம் இது. கேபிள் வந்த பிறகு பலர் எண் மாற்றினார்கள். படிக்கவோ வேலைக்கோ சென்னைக்குக் கப்பல் ஏறியவர்கள் புது சிம் வாங்கினார்கள். பழைய ப்ரீபெய்டு எண் 90 நாள் தொடர்ந்து பயன்படாமல் கிடந்தால் அதைத் துண்டிக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு, பிறகு அது வேறொருவருக்குப் போகும். அப்படிப் போன எண்ணில் கட்டிய பேக்கப் கார்டில் வெறும் எடையாகக் கிடக்கும். பழைய போன் இன்னும் இயங்கி, அதில் வாட்ஸ்அப்பும் திறக்கிறது என்றால் எண்ணை இழப்பதற்கு முன் இரண்டு காரியம் செய்யலாம். வாட்ஸ்அப்பிலேயே உள்ள எண் மாற்றும் வசதியால் புது எண்ணுக்கு மாறிவிட்டு பேக்கப் எடுக்கலாம். அல்லது முக்கியமான உரையாடல்களை ஒவ்வொன்றாகத் திறந்து Export chat கொடுத்துச் சாதாரண எழுத்துக் கோப்பாகக் கார்டில் வைக்கலாம். அதற்குப் பூட்டு கிடையாது, எந்தப் போனிலும் படிக்கலாம்.

வாட்ஸ்அப் நின்றுபோன போன்களுக்கு வேறு பதில். ஆண்ட்ராய்டு 2.3.7-ம் அதற்கு முந்தியவையும் 2020 பிப்ரவரி 1-இலும், 4.0.4-ம் அதற்கு முந்தியவையும் 2021 நவம்பர் 1-இலும் கைவிடப்பட்டன. கேலக்ஸி ஒய் போன்ற அந்தக் காலத்துப் போன்களில் உள்இடம் சொற்பம், வாட்ஸ்அப் ஃபோல்டரே கார்டில்தான் இருக்கும். அங்கே கிடக்கும் பழைய பூட்டுக் கோப்பை இன்றைய வாட்ஸ்அப் ஏற்கும் என்று எண்ணி இருக்கக் கூடாது. ஆனால் `Media` ஃபோல்டர் பூட்டாதது. அதை முழுதாக எடுத்துக்கொள்ளலாம். குரல் பதிவுகளை மறந்துவிடாதீர்கள். `WhatsApp Voice Notes` என்ற ஃபோல்டருக்குள் 201932 என்பதுபோல் வருடமும் வாரமும் சேர்ந்த பெயரில் சின்ன ஃபோல்டர்கள் இருக்கும், அவற்றுள் `PTT-20190809-WA0001.opus` என்பதுபோல் தேதியோடு கோப்புகள் இருக்கும். இந்த ஃபோல்டரில் `.nomedia` என்ற மறைவான கோப்பு இருப்பதால் பாட்டு இயக்கும் செயலியும் கேலரியும் இதைக் காட்டாது. ஃபைல் மேனேஜரில் போய்த்தான் பார்க்க வேண்டும். பாட்டியின் குரல் இருப்பது இங்கேதான்.

நோக்கியா பட்டன் போன் கார்டு என்றால் இன்னும் எளிது. அந்தக் காலத்து சீரிஸ் 40 போன்கள் கார்டில் `Backup000.NBF` என்பதுபோல் ஒரு கோப்பு எழுதும். அது உண்மையில் ஜிப் கோப்பு. கம்ப்யூட்டரில் நகல் எடுத்து அதன் பின்னொட்டை `.zip` என்று மாற்றித் திறந்தால் தொடர்பு எண்கள் `.vcf` கோப்புகளாக உள்ளே இருக்கும், புதுப் போன் அவற்றை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

இனி கார்டே படிக்காத நிலை. புதுப் போன் கார்டைப் பார்த்துவிட்டு, இது பழுதாகிவிட்டது அல்லது ஆதரிக்கப்படாதது, ஃபார்மேட் செய்யவா என்று கேட்கிறது. அழுத்தாதீர்கள். கார்டு கெட்டிருக்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு 6.0-லிருந்து, அதாவது 2015 முதல், பல போன்கள் கார்டைச் செருகும்போது ஒரு கேள்வி கேட்டன. இதை வெளியே எடுத்துப் போகும் இடமாக வைக்கவா, உள்இடத்தின் பகுதியாக ஆக்கவா என்று. இடம் நிரம்பித் தவித்தவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தார்கள், மோட்டோ ஜி போன்ற போன்களில் இது பரவலாக நடந்தது. அப்படித் தேர்ந்த நொடியில் கார்டு முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டு, அதன் சாவி அந்தப் போனுக்குள் மட்டும் இருக்கும். வேறு எந்தப் போனுக்கும், கம்ப்யூட்டருக்கும், அது வெற்றுக் கார்டு. சாம்சங் போன்களில் இந்தக் கேள்வி பெரும்பாலும் வருவதில்லை, ஆனால் Encrypt SD card என்று தனி வசதி உண்டு. அதில் ஃபோல்டர்கள் தெரியும், உள்ளே படங்கள் மட்டும் திறக்காது.

இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான், அது பழைய போனில் இருக்கிறது. கார்டைப் பழைய போனிலேயே திரும்பப் போட்டு, அதை யூ.எஸ்.பி. கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து, போனின் வழியாகவே கோப்புகளை எடுக்க வேண்டும். சாம்சங்கில் செட்டிங்கில் போய்க் குறியாக்கத்தை நீக்கிவிட்டே கார்டைக் கழற்றலாம். திரை உடைந்து போன் இயங்குகிறது என்றால் திரையை மாற்றுவதற்குச் செலவு செய்வது வீண் இல்லை. பழைய போனை ரீசெட் செய்தாலோ எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டாலோ சாவியும் போய்விடும், கார்டில் உள்ளவை திரும்பாது.

உண்மையிலேயே கெடும் கார்டும் உண்டு. அடையாளம் சில: நகல் ஒவ்வொரு முறையும் அதே கோப்பில் நிற்கும், படங்கள் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகத் தெரியும், அழித்த கோப்பு போனை அணைத்துப் போட்டால் திரும்ப வந்திருக்கும். கடைசியில் சொன்னது கார்டு தன்னை எழுத முடியாதபடி பூட்டிக்கொண்டதன் அறிகுறி, படிக்க மட்டும் இன்னும் விடுகிறது, அதுவே கடைசி வாய்ப்பாக இருக்கலாம். அப்போது முழு ஃபோல்டரையும் ஒரே மூச்சில் எடுக்கப் பார்க்காமல், முதலில் இழக்க முடியாதவற்றை, சின்னச் சின்னத் தொகுதியாக எடுங்கள். உப்புக் காற்றில் கார்டின் தங்க முனைகளில் படிந்திருக்கும் அழுக்கைச் சுத்தமான உலர்ந்த பஞ்சால் மெல்லத் துடைத்துவிட்டு இன்னொரு ரீடரிலும் போட்டுப் பாருங்கள். அழிந்த படங்களைத் தேடியெடுக்க PhotoRec என்ற இலவச மென்பொருள் உண்டு. படங்கள் அழிந்த பிறகு அந்தக் கார்டில் எதையும் எழுதாமல் இருந்தால்தான் அது வேலை செய்யும், மீட்டதை வேறு இடத்தில்தான் சேமிக்க வேண்டும்.

எல்லாம் வந்துவிட்டதா என்று எப்படித் தெரிவது? கார்டில் உள்ள ஃபோல்டரையும் புதுப் போனில் உள்ள ஃபோல்டரையும் தனித்தனியாக அழுத்திப் பிடித்து விவரம் பாருங்கள். கோப்புகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். மறைவான கோப்புகளையும் எண்ணும்படி இரண்டு இடத்திலும் ஒரே செட்டிங் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீணாகக் கவலைப்படுவீர்கள். பிறகு மிகப் பழையது, மிகப் பெரியது, கடைசி என்று சில வீடியோக்களைத் திறந்து ஓட்டிப் பாருங்கள்.

தேதி குழம்பினால் பயப்பட வேண்டாம். கேமரா படம் எடுத்த நேரத்தைத் தனக்குள் வைத்திருக்கிறது, கேலரி அதைப் படித்து அடுக்கிவிடும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் அந்தத் தகவல் இருக்காது, ஆகவே நகல் எடுத்த நாளே படத்தின் நாளாகத் தெரியலாம். `IMG-20150814-WA0003.jpg` என்ற பெயரில் ஆண்டும் மாதமும் நாளும் இருக்கின்றன. அதனால் இந்தக் கோப்புகளின் பெயரை மாற்றாதீர்கள். கார்டு வேலை எல்லாம் எதற்கு, படங்களை வாட்ஸ்அப்பிலேயே எனக்கு நானே அனுப்பிக்கொள்கிறேன் என்றும் சிலர் செய்கிறார்கள். படத்தின் தரமும் போகிறது, தேதியும் போகிறது. செய்யாதீர்கள்.

பழைய போனும் புதுப் போனும் இரண்டும் நன்றாக ஓடினால், 2023 ஜூனில் வாட்ஸ்அப் கொண்டுவந்த Transfer chats வசதி இருக்கிறது. இரண்டும் ஒரே வைஃபையில் இருந்து, ஒன்றின் கியூஆர் குறியை மற்றது படித்தால் பேச்சும் படமும் நேரே போகும், கோப்பு இணையத்தில் எங்கும் ஏறாது. கார்டில் ஏற்கெனவே வெட்டி வைத்த பழைய `Media` மட்டும் அதில் வராது, அதை மேலே சொன்னபடி நாமே சேர்க்க வேண்டும்.

பெட்டியில் பழைய போன் வைத்திருக்கும் டெலானிபூர் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். அதில் இருந்த சிம் யார் பெயரில், இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். உயிரோடு இருந்தால் ஒரு ரீசார்ஜ் போட்டுவிட்டு பேக்கப்பை மாற்றுங்கள். மாற்றி, திறந்து, பேச்சு வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகும் பழைய போனை உடனே விற்காதீர்கள், ஒரு மாதம் இருக்கட்டும். கார்டை அதன் பின்னும் ஃபார்மேட் செய்யாதீர்கள். புதுக் கார்டு வாங்கச் சில நூறு ரூபாய்தான் ஆகும்.